165 வர வேண்டிய இடத்தில் 120: மானிட்டர் முழு வேகத்துக்கு வராதபோது எங்கே பார்ப்பது

புது மானிட்டர் வாங்கி வந்து மாட்டியதும் அட்டைப்பெட்டியில் போட்டிருந்த ஹெர்ட்ஸ் எண், அதாவது நொடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படும் என்ற ரிஃப்ரெஷ் ரேட், திரையில் வரவில்லை என்றால், எல்லாரும் முதலில் கேபிளைத்தான் மாற்றுகிறார்கள். சில சமயம் அது சரியான முடிவு, பல சமயம் வீண் செலவு. கேபிளை மாற்றினால் தீரும் நோயும் மாற்றினாலும் தீராத நோயும் வெளியே வேறு வேறு அறிகுறிகளாகத்தான் தெரியும், பார்க்கத் தெரிந்தால் காசு செலவழிக்கும் முன்பே பிரித்துவிடலாம். நான் இருப்பது புதுச்சேரி வைத்திக்குப்பத்தில், கடலிலிருந்து இரண்டு தெரு உள்ளே. கடல் காற்று இந்தக் கதைக்குள் எப்படி வருகிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன், ஏனென்றால் என் மேசையில் நான்கு மாதம் என்னை அலைக்கழித்த சிக்கலுக்குக் காரணமே அதுதான்.

எதையும் தொடும் முன்

விண்டோஸ் என்றால் `Settings > System > Display > Advanced display` போங்கள். அங்கே இரண்டு விஷயங்கள் பார்க்க வேண்டும். ஒன்று, `Active signal mode` என்ற வரியில் இப்போது உண்மையில் மானிட்டருக்குப் போய்க்கொண்டிருக்கும் ரெசல்யூஷனும் ரிஃப்ரெஷ் ரேட்டும். இதற்கு மேலே `Desktop mode` என்று இன்னொரு வரி இருக்கும், அது விண்டோஸ் வரைந்து வைத்திருக்கும் படத்தின் அளவு, கம்பியில் போகிற அளவு அல்ல, இரண்டும் வேறாகவும் இருக்கலாம். அடுத்தது, கீழே ரிஃப்ரெஷ் ரேட்டைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல். லினக்ஸில் எக்ஸ்11 ஓடினால் டெர்மினலில் `xrandr` என்று அடித்தால் இதே பட்டியல் வரும், இப்போது ஓடுவதற்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும்.

சரி, இப்போது ஒரே கேள்வி. நீங்கள் தேடும் எண் அந்தப் பட்டியலில் இல்லவே இல்லையா? அல்லது இருக்கிறது, தேர்ந்தெடுத்தால்தான் திரை கறுக்கிறதா, மின்னுகிறதா? இந்தக் கேள்விக்கான பதிலையும் மாட்டியிருப்பது எச்டிஎம்ஐயா டிஸ்ப்ளேபோர்ட்டா என்பதையும் சேர்த்துப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது. ஏனென்றால் இரண்டும் கெட்டுப்போகும் விதமே வேறு.

டிஸ்ப்ளேபோர்ட்டில் கம்ப்யூட்டரும் மானிட்டரும் படம் அனுப்புவதற்கு முன்னால் ஒத்திகை பார்க்கும். கம்ப்யூட்டர் ஒரு சோதனை சிக்னல் அனுப்பும், மானிட்டர் "சரியாக வந்தது" அல்லது "வரவில்லை" என்று பதில் சொல்லும், வரவில்லை என்றால் வேகத்தைக் குறைத்து மறுபடி முயலும், ஒத்துவரும் வேகத்தில் நின்றுகொள்ளும். அந்த வேகத்துக்குள் அடங்காத எண்களை டிரைவர் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் நீக்கிவிடும். ஆக டிஸ்ப்ளேபோர்ட்டில் கேபிள் கெட்டிருந்தால் படம் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும், எண்தான் காணாமல் போகும்.

எச்டிஎம்ஐ 2.0 வரைக்கும் இப்படிப்பட்ட ஒத்திகை கிடையாது. மானிட்டர் தன்னால் என்னென்ன முடியும் என்று ஒரு சின்னத் தகவல் தொகுப்பை அனுப்பும், அதற்கு இடிஐடி என்று பெயர். கம்ப்யூட்டர் அதை நம்பி, தன் போர்ட்டால் முடிகிற எல்லா எண்களையும் பட்டியலில் போடும். நடுவில் இருக்கும் கேபிள் தாங்குமா என்று யாரும் கேட்பதில்லை. அதனால் எச்டிஎம்ஐயில் கேபிள் கெட்டிருந்தால் எண் பட்டியலில் இருக்கும், தேர்ந்தெடுத்தால்தான் படம் நிற்காது. எச்டிஎம்ஐ 2.1இல் வந்த புது வேகங்களில் மட்டும் இதிலும் ஒத்திகை உண்டு, அங்கே அது டிஸ்ப்ளேபோர்ட் போல நடந்துகொள்ளும்.

இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு கீழே வாருங்கள்.

எச்டிஎம்ஐ, எண் பட்டியலில் இல்லவே இல்லை

2.1இன் புது வேகங்களைத் தேடவில்லை என்றால் கேபிளை விட்டுவிடுங்கள். இங்கே சந்தேகப்பட வேண்டியது இரண்டு பக்கப் போர்ட்டுகளையும் மானிட்டர் மெனுவையும்தான்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் தங்கை வீடு. தங்கை வீட்டுக்காரர் வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்ப்பவர், 27 அங்குல 4கே மானிட்டர் ஒன்று வாங்கினார். மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி தயங்கித் தயங்கி வருகிறது என்றார். போய்ப் பார்த்தால் 30 ஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருக்கிறது, பட்டியலிலும் 30க்கு மேல் ஒன்றுமே இல்லை. "மச்சான், கேபிள் மூணு மாத்திட்டேன், கடைசியா வாங்கினது எண்ணூறு ரூபா" என்றார். அந்த எண்ணூறு ரூபாய் கேபிளில் ஒரு குறையும் இல்லை. அவருடைய கம்ப்யூட்டர் இன்டெல் 8-வது தலைமுறை பிராசசர், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. அந்தக் காலத்து இன்டெல் பிராசசர்களின் உள் கிராபிக்ஸில் எச்டிஎம்ஐ பெரும்பாலும் 1.4 தான். டெஸ்க்டாப்பில் 10-வது தலைமுறை வரைக்கும் இதே கதை.

எச்டிஎம்ஐ 1.4இல் படத்துக்கென்று கிடைப்பது நொடிக்கு சுமார் 8 ஜிகாபிட். 4கே படத்தை 60 ஹெர்ட்ஸில் அனுப்ப, எச்டிஎம்ஐ விடும் பெரிய இடைவெளிகளோடு சேர்த்து, 14 ஜிகாபிட்டுக்குக் கொஞ்சம் மேலே வேண்டும், 30 ஹெர்ட்ஸுக்கு 7 போதும். அதனால்தான் 30இல் நின்றுவிட்டது. 2013இல் வந்த எச்டிஎம்ஐ 2.0இல் படத்துக்கு 14.4 கிடைக்கும், 4கே 60 அதில் ஒட்டி ஒட்டி அடங்கிவிடும். தங்கை வீட்டுக்காரரின் கம்ப்யூட்டரில் பின்பக்கம் எச்டிஎம்ஐக்குப் பக்கத்திலேயே ஒரு டிஸ்ப்ளேபோர்ட் துளை தூசி மூடிக் கிடந்தது. அந்தப் பலகையில் அது டிஸ்ப்ளேபோர்ட் 1.2, படத்துக்கு 17 ஜிகாபிட் தரும். மானிட்டர் பெட்டியிலேயே ஒரு டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் பிரிக்காமல் இருந்தது. மாட்டியதும் 60 வந்தது, ஒரு பைசா செலவில்லை.

நீங்கள் கணக்குப் போட வேண்டும் என்றால் வழி எளிது. அகலம், உயரம், ரிஃப்ரெஷ் ரேட் மூன்றையும் பெருக்கி, ஒரு புள்ளிக்கு 24 பிட் என்று மறுபடி பெருக்குங்கள். அதோடு ஒவ்வொரு வரிக்கும் நடுவே விடும் இடைவெளிக்காகப் பத்து சதவீதம் போலச் சேர்த்துக்கொள்ளுங்கள். மிகச் சரியான எண் வராது, ஆனால் அடங்குமா அடங்காதா என்று தெரிந்துவிடும்.

```
2560 × 1440 × 144 × 24 = 12.7 Gbps, இடைவெளியோடு ≈ 14.0
2560 × 1440 × 165 × 24 = 14.6 Gbps, இடைவெளியோடு ≈ 16.1
```

முதல் வரி எச்டிஎம்ஐ 2.0இன் 14.4க்குள் அடங்குகிறது, இரண்டாவது அடங்கவில்லை. 165 ஹெர்ட்ஸ் என்று விற்கும் பல மானிட்டர்கள் எச்டிஎம்ஐயில் 144 மட்டும் காட்டுவதற்கு இதுதான் காரணம். அது பழுதல்ல, கையேட்டில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், டிஸ்ப்ளேபோர்ட்டில் மாட்டினால் 165 வரும்.

போர்ட் போதுமானது என்று உறுதியான பிறகும் எண் வரவில்லை என்றால் மானிட்டரின் சொந்த மெனுவுக்குள் போங்கள், மானிட்டரின் கீழோ பின்னாலோ இருக்கும் பொத்தானை அழுத்தினால் வருவது. பல மானிட்டர்களில் எச்டிஎம்ஐ துளைக்கு 1.4, 2.0 என்று ஒரு தேர்வு இருக்கும், டிவிகளில் அதற்கு வேறு வேறு பெயர் வைத்திருப்பார்கள். பழைய கருவிகளோடு ஒத்துப்போவதற்காகச் சில மாடல்களில் அதைத் தாழ்வாகவே வைத்து அனுப்புகிறார்கள். அது தாழ்வாக இருந்தால் மானிட்டர் அனுப்பும் இடிஐடியே சுருங்கிவிடும், தன்னால் 60 முடியும் என்று அது கம்ப்யூட்டரிடம் சொல்லவே சொல்லாது. டிஸ்ப்ளேபோர்ட்டுக்கும் 1.1, 1.2, 1.4 என்று இதே மாதிரி தேர்வு வைத்திருக்கும் மானிட்டர்கள் உண்டு. ஒரே மானிட்டரில் இரண்டு எச்டிஎம்ஐ துளைகள் இருந்து ஒன்று மட்டும் வேகமானதாக இருப்பதும் உண்டு, அதனால் துளையை மாற்றிப் பார்ப்பது வீண் வேலை அல்ல.

தனி கிராபிக்ஸ் கார்டு இருப்பவர்கள் கேபிளை அந்தக் கார்டில் மாட்டியிருக்கிறார்களா, அல்லது மதர்போர்டின் துளையில் மாட்டியிருக்கிறார்களா என்று குனிந்து ஒரு முறை பார்க்கவும். மேசைக்கு அடியில் கை விட்டுத் தடவி மாட்டும்போது இது யாருக்கும் நடக்கும்.

பெட்டியில் "எச்டிஎம்ஐ 2.1" என்று போட்டிருப்பதை வைத்து மட்டும் எந்த முடிவுக்கும் வராதீர்கள். 2.1இன் முழு வேகம் 48 ஜிகாபிட்தான், ஆனால் விதிப்படி அந்த வேகம் கட்டாயமில்லை. 2.0க்கு இருந்த அதே 18 ஜிகாபிட் வேகத்தில் ஓடும் துளைக்கும் 2.1 என்று பெயர் போடலாம், விதி அதை அனுமதிக்கிறது. இது வாங்குபவர்களை ஏமாற்றும் ஏற்பாடு என்றுதான் நான் நினைக்கிறேன். வெர்ஷன் எண்ணைப் பார்க்காதீர்கள், எந்த ரெசல்யூஷனில் எத்தனை ஹெர்ட்ஸ், எந்தத் துளையில் என்று கையேட்டில் இருக்கும் அட்டவணையைப் பாருங்கள். அது இல்லையென்றால் எத்தனை ஜிகாபிட் என்று கேளுங்கள்.

எச்டிஎம்ஐ, எண் இருக்கிறது, தேர்ந்தெடுத்தால் படம் நிற்கவில்லை

இதுதான் உண்மையான கேபிள் நோய். எண்ணைத் தேர்ந்தெடுத்ததும் திரை ஒரு நொடி கறுத்துத் திரும்பும், அல்லது கறும்பகுதிகளில் வெள்ளைப் புள்ளிகள் தீப்பொறி மாதிரி மின்னும், அல்லது "சிக்னல் இல்லை" என்று வந்து பதினைந்து நொடியில் விண்டோஸ் பழைய எண்ணுக்கே போய்விடும். ஃபேன் போடும்போதோ ஃப்ரிட்ஜ் ஓடத் தொடங்கும்போதோ மட்டும் கறுத்தாலும் முதல் சந்தேகம் கேபிள் மேல்தான் வர வேண்டும், சரியாகக் கவசமிடாத கேபிள் அதைப் பிடித்துக்கொள்ளும்.

சோதிப்பது சுலபம். ஒரு படி கீழே இறக்குங்கள். 4கே 60இல் மின்னுவது 4கே 30இலோ 1440இல் 60இலோ முழுக்க நின்றுவிட்டால், கேபிள் வேகத்துக்குத் தாங்கவில்லை என்பது ஏறக்குறைய உறுதி. எல்லா வேகத்திலும் மின்னினால் துளையையோ மானிட்டரையோ பார்க்க வேண்டும்.

கேபிளுக்கு வெர்ஷன் எண் கிடையாது, இதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். "2.0 கேபிள்", "2.1 கேபிள்" என்று உறையில் அச்சடித்திருப்பதற்கு எந்த அதிகாரப்பூர்வ அர்த்தமும் இல்லை. கேபிளுக்கு உள்ளது வேகத் தரம்: ஹை ஸ்பீடு என்பது 10 ஜிகாபிட் வரைக்கும், பிரீமியம் ஹை ஸ்பீடு 18 வரைக்கும், அல்ட்ரா ஹை ஸ்பீடு 48 வரைக்கும் சோதிக்கப்பட்டது. பின் இரண்டுக்கும் உறையில் ஸ்கேன் செய்யக்கூடிய சான்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அல்ட்ரா ஹை ஸ்பீடு வாங்குகிறீர்கள் என்றால் கடையிலேயே அந்த ஸ்டிக்கரை எச்டிஎம்ஐயின் சொந்தச் செயலியில் ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு வாங்குங்கள். தங்க முலாம், சடை பின்னிய உறை, கனமான பிளக் இதெல்லாம் படத்துக்கு எதுவும் செய்யாது. நீளம்தான் செய்யும். ஒன்றரை மீட்டர் போதும் என்றால் ஐந்து மீட்டர் வாங்கிச் சுருட்டி வைக்க வேண்டாம், அதே தரத்துக் கேபிளில் நீளம் கூடக் கூட சிக்னல் மெலியும்.

திரையில் 1024க்கு 768, 640க்கு 480 மட்டும் தெரிகிறது, மானிட்டரின் பெயரே வரவில்லை என்றால் அது இதற்கு விதிவிலக்கு. அப்போது இடிஐடி போகும் மெல்லிய கம்பிதான் அறுந்திருக்கிறது. மானிட்டர் தன்னைப் பற்றிச் சொல்வது கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரவே இல்லை. எச்டிஎம்ஐ 2.0 வரைக்கும் இந்த இடத்தில் மட்டும் எண் காணாமல் போனதற்கும் கேபிளை மாற்றலாம்.

டிஸ்ப்ளேபோர்ட், நேற்று வரை இருந்த எண் இன்று பட்டியலில் இல்லை

இது என் மேசைக் கதை. 27 அங்குலம், 2560க்கு 1440, 165 ஹெர்ட்ஸ் மானிட்டர். ஏஎம்டி கிராபிக்ஸ் கார்டு, உபுண்டு. இரண்டு பக்கமும் டிஸ்ப்ளேபோர்ட் 1.4. ஒரு வருடம் போல 165இல் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஐப்பசி மழை ஆரம்பித்து இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் கணினியைப் போட்டால் ஏதோ மாதிரி இருந்தது. பட்டியலைத் திறந்தால் 60, 120 மட்டும் இருந்தன. 144 இல்லை, 165 இல்லை. படம் கண்ணாடி போலச் சுத்தம், ஒரு புள்ளி மின்னவில்லை.

முதலில் டிரைவர் மேல்தான் சந்தேகம் வந்தது, அதற்கு முந்தின நாள்தான் அப்டேட் செய்திருந்தேன். பழைய கெர்னலில் ஏற்றிப் பார்த்தேன், அதே 120. அப்புறம்தான் பார்க்க வேண்டிய இடத்தைப் பார்த்தேன். ஏஎம்டி கார்டுகளில் ஒத்திகை எந்த வேகத்தில் முடிந்தது என்பதை லினக்ஸ் ஒரு கோப்பில் காட்டும்:

```
sudo cat /sys/kernel/debug/dri/0/DP-1/link_settings
```

உங்கள் கணினியில் `0` என்பது வேறு எண்ணாகவும் `DP-1` என்பது `DP-2` ஆகவும் இருக்கலாம், அந்தந்த அடைவுக்குள் போய்ப் பாருங்கள். எனக்கு வந்த வரியில் முக்கியமான பகுதி இது:

```
Current: 2 0x1e   Verified: 2 0x1e   Reported: 4 0x1e
```

இதைப் படிக்கத் தெரிந்தால் நோய் என்ன என்று அந்த வரியே சொல்லிவிடும். டிஸ்ப்ளேபோர்ட் கேபிளுக்குள் படத்துக்கென்று நான்கு பாதைகள் உண்டு, ஒவ்வொன்றும் ஒரு ஜோடிக் கம்பி. முதல் எண் பாதைகளின் எண்ணிக்கை, இரண்டாவது ஒவ்வொரு பாதையின் வேகம். `0x1e` என்றால் 1.4இன் முழு வேகம், பாதைக்கு 8.1 ஜிகாபிட். `0x14` என்றால் 5.4, `0xa` என்றால் 2.7. `Reported` என்பது மானிட்டர் தன்னால் முடியும் என்று சொன்னது: நான்கு பாதை, முழு வேகம். `Verified` என்பது ஒத்திகையில் உண்மையில் தேறியது: இரண்டே பாதை.

வேகம் குறையவில்லை, பாதைதான் பாதியாகியிருக்கிறது. அது ஏன் முக்கியம் என்றால், கேபிள் மொத்தமாகத் தரம் குறைந்ததாகவோ ரொம்ப நீளமாகவோ இருந்தால் நான்கு பாதையும் ஒன்றுபோல் மெலியும், அப்போது வழக்கமாக நான்கு பாதையோடு வேகம்தான் ஒரு படி இறங்கி `4 0x14` என்று நிற்கும். இங்கே அப்படி இல்லை. மூன்றாவதோ நான்காவதோ ஒரு பாதை மொத்தமாகச் செத்துவிட்டது, எவ்வளவு மெதுவாக அனுப்பினாலும் அதில் சிக்னல் வரவில்லை. டிஸ்ப்ளேபோர்ட் மூன்று பாதையில் ஓடாது, ஒன்று, இரண்டு, நான்கு என்றுதான் ஓடும். அதனால் ஒரு பாதை போனதும் இரண்டுக்கு இறங்கி, அந்த இரண்டையும் முழு வேகத்தில் ஓட்டுகிறது.

நான்கு பாதையில் படத்துக்குக் கிடைப்பது 25.9 ஜிகாபிட். இரண்டில் அதில் சரிபாதி, 12.96. 1440இல் 120 ஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய 12 வேண்டும், அடங்கும். 144க்கு 14 வேண்டும், அடங்காது. பட்டியல் சரியாக 120இல் நின்றதற்கு இதுதான் கணக்கு. உங்கள் மானிட்டரோ கார்டோ 1.2 மட்டும்தான் என்றால் இரண்டு பாதையில் 8.6 தான் கிடைக்கும், அப்போது இதே பழுது உங்களுக்கு 60இல் வந்து நிற்கும். விண்டோஸில் ஏஎம்டி கார்டு என்றால் `AMD Software`இல் மானிட்டரின் விவரப் பகுதியில் பாதைக்கு இவ்வளவு வேகம், இத்தனை பாதை என்று இதே தகவல் இருக்கும். அது கிடைக்காத இடத்தில் எந்த எண் வரைக்கும் பட்டியல் நிற்கிறது என்பதை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போடலாம்.

சரி, ஒரு பாதை செத்துவிட்டது, எங்கே செத்தது? கம்பி உள்ளே அறுந்திருக்கலாம், பிளக்கில் ஒரு பின் தொடாமல் இருக்கலாம், துளையில் இருக்கலாம். புது கேபிள் ஒன்று வாங்கி வந்து மாட்டினேன், `4 0x1e` வந்தது, 165 வந்தது. பழைய கேபிளைத் தூர வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். மூன்று மாதம் கழித்து அதே 120, அதே `2 0x1e`. வாங்கிய கேபிள் மட்டமானது என்று நினைத்து, தூர வைத்த பழைய கேபிளை எடுத்து மாட்டினேன். 165 வந்தது! மூன்று மாதத்துக்கு முன் கெட்டதென்று ஒதுக்கிய கேபிள்.

இங்கேதான் கேபிள் மாற்றிப் பார்க்கும் சோதனை எப்படி நம்மை ஏமாற்றுகிறது என்று புரிந்தது. கேபிளைக் கழற்றி வேறு கேபிளைச் செருகும்போது, புது பிளக்கின் பின்கள் துளைக்குள் இருக்கும் பின்கள் மேல் உரசிக்கொண்டு போகின்றன. துளையில் மெல்லிய படலமாக ஏதாவது படிந்திருந்தால் அந்த உரசலே அதைச் சுரண்டிவிடும். பழுது தீர்ந்தது புது கேபிளால் அல்ல, செருகிய செயலால். பழைய கேபிளையே கழற்றி மாட்டியிருந்தாலும் அன்றைக்கு 165 வந்திருக்கும்.

அதனால் கேபிள் மாற்றிச் சரியானதும் சோதனை முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய கேபிளை மறுபடி மாட்டிப் பாருங்கள். பழையதில் எண் மறுபடி காணாமல் போனால்தான் கேபிள் குற்றவாளி. இரண்டிலும் வந்தால் துளையிலோ பிளக்கிலோ தொடர்பு சரியில்லை என்று அர்த்தம். பாதையின் எண்ணிக்கை குறையாமல் வேகம் மட்டும் குறைந்த `4 0x14` வகைப் பழுதில் இந்தக் குழப்பம் குறைவு, அங்கே பெரும்பாலும் கேபிளின் நீளமோ தரமோதான் காரணம், இரண்டு மீட்டருக்குள் சான்று பெற்ற கேபிள் வாங்கினால் தீர்ந்துவிடும்.

மானிட்டரைக் கவிழ்த்து, மொபைல் டார்ச் அடித்து, துளைக்குள் பார்த்தேன். ஒரு ஓரத்தில் இரண்டு மூன்று பின்களின் நிறம் மங்கி, பச்சையும் கறுப்புமாக ஒரு பூப்பு. என் மேசை கிழக்கு ஜன்னல் ஓரம், மானிட்டரின் முதுகு ஜன்னலைப் பார்த்து இருக்கும், காற்றுக்காக ஜன்னல் எப்போதும் திறந்தே கிடக்கும். கடல் காற்றில் வரும் உப்புத் துகள் ஈரத்தோடு சேர்ந்து உள்ளே படிகிறது. பின்களில் உள்ள தங்க முலாம் மிக மெல்லியது, அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, அவற்றின் வழியே உப்பு அடியில் இருக்கும் செம்புக் கலவையை அரிக்கிறது. ஜன்னல் கம்பி எப்படித் துருப்பிடிக்கிறதோ அதேதான். குருசுக்குப்பத்திலோ கடலூர் தேவனாம்பட்டினத்திலோ கடலைப் பார்த்த வீட்டில் இருப்பவர்கள், ஒரு வருடத்துக்கு மேல் ஒழுங்காக ஓடிய மானிட்டரில் திடீரென்று எண் குறைந்தால், கடைக்குப் போவதற்கு முன் இதைப் பார்த்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கடலிலிருந்து தள்ளி இருப்பவர்களுக்கும் நடக்கலாம், ஆனால் மெதுவாக.

சுத்தம் செய்தது இப்படி. கணினி, மானிட்டர் இரண்டின் பவர் பிளக்கையும் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டேன், ஏனென்றால் டிஸ்ப்ளேபோர்ட்டில் ஒரு பின்னில் 3.3 வோல்ட் எப்போதும் இருக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், 99 சதவீதம், மொபைல் சர்வீஸ் செய்பவர்கள் வாங்கும் கடையில் கிடைக்கும். மெல்லிய நைலான் தூரிகையை அதில் நனைத்து, சொட்டச் சொட்ட இல்லாமல், துளைக்குள் பின்களின் நீளவாட்டில் பத்துப் பதினைந்து முறை தேய்த்தேன். கேபிளின் இரண்டு முனைகளையும் அப்படியே. பிறகு கேபிளை நாலைந்து முறை செருகி எடுத்தேன். கால்மணி நேரம் காயவிட்டு மாட்டினேன். உப்புத்தாள், பிளேடு, ஊசி எதுவும் கூடாது, இருக்கும் கொஞ்சம் முலாமும் போய்விடும். தேங்காய் எண்ணெய், மெஷின் எண்ணெய் தடவுவதும் கூடாது, தூசி ஒட்டிக்கொள்ளும். பூட்டுள்ள பிளக் என்றால் கையில் அழுத்தி மாட்டும்போது க்ளிக் என்று பூட்டு விழ வேண்டும், விழாமல் பாதியில் நின்றால் அதுவே ஒரு பாதையைக் கொல்லும்.

நடுவில் கன்வெர்ட்டர் அல்லது ஹப் இருந்தால்

நடுவில் ஒரு சின்ன டப்பா இருந்தால் மேலே சொன்ன எதையும் செய்யாமல் முதலில் அதைக் கழற்றி நேராக மாட்டிப் பாருங்கள். டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் மலிவான கேபிள்கள் 1080 திரையை மனதில் வைத்துச் செய்தவை, கொஞ்சம் மேலானவையும் 4கே 30இல் நின்றுவிடும். அந்தக் கேபிளைத் திருப்பி மாட்டி எச்டிஎம்ஐ கம்ப்யூட்டரிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட் மானிட்டருக்கு ஓட்டவே முடியாது, அதற்கு மின்சாரம் கொடுக்கும் தனிக் கன்வெர்ட்டர் வேண்டும்.

லேப்டாப்பின் யூஎஸ்பி-சி துளையில் மாட்டும் ஹப்புகளில் 4கே 30 மட்டும் வருவது இன்னொரு அடிக்கடிக் கேள்வி. யூஎஸ்பி-சியில் நான்கு பாதையில் இரண்டைப் படத்துக்கும் இரண்டை வேகமான யூஎஸ்பிக்கும் ஹப் பிரித்துக்கொள்ளும். மேலே பார்த்த அதே இரண்டு பாதைக் கணக்குதான், ஆனால் இங்கே பழுது இல்லை, ஏற்பாடே அப்படி. லேப்டாப்பும் ஹப்பும் இரண்டுமே டிஸ்ப்ளேபோர்ட் 1.4 வேகம் தந்தால் இரண்டு பாதையிலும் 4கே 60 அடங்கிவிடும், டிஸ்ப்ளேபோர்ட்டில் இடைவெளியைச் சுருக்கி அனுப்புவதால் அதற்கு 13க்குச் சற்றுக் குறைவாகவே போதும். 1.2 என்றால் 30தான். யூஎஸ்பி-சியிலிருந்து நேராக டிஸ்ப்ளேபோர்ட்டுக்குப் போகும் கேபிள் வாங்கினால் நான்கு பாதையும் படத்துக்கே கிடைக்கும், அதுதான் என் பரிந்துரை.

60 வந்துவிட்டது, ஆனால் எழுத்து மங்கல்

4கே 60 ஓடுகிறது, கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்தைப் பார்த்தால் ஓரம் கலங்கித் தெரிகிறது என்றால், கார்டு நிறத் தகவலைப் பாதியாகவோ கால்வாசியாகவோ குறைத்து அனுப்பிக்கொண்டிருக்கிறது. பைப்பு சின்னதாக இருப்பதால் இப்படிச் சமாளிக்கிறது. கிராபிக்ஸ் கார்டின் கன்ட்ரோல் பேனலில் நிற வடிவம் `YCbCr 4:2:0` அல்லது `4:2:2` என்று இருக்கும், அதை `RGB` ஆக மாற்றிப் பாருங்கள். மாற்ற விடவில்லை அல்லது மாற்றியதும் 60 போய்விட்டது என்றால் எச்டிஎம்ஐ வேகம் போதவில்லை, மேலே முதல் அறிகுறிக்குத் திரும்பிப் போக வேண்டும். சினிமா பார்க்க மட்டும் என்றால் இப்படியே விட்டுவிடலாம், எழுத்து வேலைக்குக் கண் வலிக்கும்.

என் மானிட்டர் இப்போது முதுகைச் சுவருக்குக் காட்டி நிற்கிறது. பயன்படுத்தாத துளைகளுக்கு ரப்பர் மூடி போட்டேன். அடுத்த மழைக்காலமும் முடிந்து தையும் பிறந்துவிட்டது, இன்று காலை பார்த்தபோதும் `Verified: 4 0x1e` தான்.